ஒரே வாக்கியத்தில் கதையைச் சோதிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திரைக்கதை எழுதத் தொடங்குபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கூடியவரை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஒன்லைன்னு சொல்றது கதைச்சுருக்கம்தானே? அதை எதுக்கு ஸ்கிரிப்டுக்கு முன்னாடியே எழுதணும்?

கதைச்சுருக்கம் என்பது இருக்கிற கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்றிரண்டு பக்கத்தில் சொல்வது. ஒன்லைன் ஒரே வாக்கியத்தில் கதையின் முதுகெலும்பை மட்டும் காட்டும். யாருக்கு என்ன சிக்கல் வருகிறது, அவர் அதை எப்படிச் சமாளிக்கப் பார்க்கிறார், எது அவரை விடமாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். போஸ்டரில் போடும் வாசகத்தோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த வாசகம் ஆவலைக் கிளப்பினால் போதும், கதையைச் சொல்ல வேண்டியதில்லை.

முன்னாடியே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு மணி நேரப் படத்துக்குத் திரைக்கதை ஏறக்குறைய 120 பக்கம் வரும். கதாநாயகனுக்குச் செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்பது 70ஆம் பக்கத்தில் தெரியவந்தால் பல மாத உழைப்பைக் கலைக்க வேண்டும். அதே குறை ஒரு வாக்கியத்தில் தெரிந்தால் பென்சிலால் அடித்துவிட்டு மறுபடி எழுதலாம். இன்னொன்றும் இருக்கிறது. ஸ்கிரிப்டை முடித்த பிறகு எழுதும் ஒன்லைன் சோதனையாக இருக்காது. எழுதியதைக் காப்பாற்றத்தான் அப்போது மனம் சொற்களைத் தேடும்.

அந்த ஒரு வாக்கியத்துல என்னென்ன இருக்கணும்?

யார், அவரை எந்தச் சம்பவம் உலுக்கியது, அதனால் என்ன செய்யப் பார்க்கிறார், எது தடுக்கிறது. இந்த நான்கும் இருந்தால் சோதிக்க ஆரம்பிக்கலாம். தோற்றால் எதை இழப்பார் என்பது பெரும்பாலும் இந்த நான்கிலிருந்தே புரிந்துவிடும். புரியவில்லை என்றால் மட்டும் தனியாகச் சேருங்கள்.

நான் முதலில் பார்ப்பது ஆளுக்கும் சிக்கலுக்கும் உள்ள உறவை. உங்கள் நாயகனை எடுத்துவிட்டு அதே இடத்தில் வேறு எவரை வைத்தாலும் சிக்கல் அப்படியே இருக்குமா? இருக்கும் என்றால் இன்னும் கதை பிறக்கவில்லை, சம்பவம்தான் இருக்கிறது. ஒரு வங்கிக் கொள்ளையை யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம். அந்தக் கொள்ளைக்குத் திட்டம் போட்டது தன் மகன் என்று தெரிந்த காவலாளி மட்டும்தான் அதைப் பார்த்துவிட்டுத் தூங்க முடியாமல் தவிப்பார்.

அடுத்து வினைச்சொல்லைப் பாருங்கள். ‘உணர்கிறான்’, ‘போராடுகிறான்’, ‘அதிர்ச்சியடைகிறாள்’, ‘வாழ்க்கையைப் புரிந்துகொள்கிறாள்’ போன்றவற்றைக் கேமரா முன்னால் நடத்திக் காட்ட முடியாது. ‘ஒளித்துவைக்கிறான்’, ‘பின்தொடர்கிறாள்’, ‘மாற்றிச் சொல்கிறாள்’ என்றால் உடனே ஒரு காட்சி கண்ணில் தெரிகிறது.

கதாபாத்திரத்தோட பேரைப் போடலாமா?

வேண்டாம். கேட்பவருக்கு அந்தப் பெயரைப் பற்றி எதுவும் தெரியாது. தொழிலையோ நிலையையோ போடுங்கள், அதோடு சிக்கலைத் தொடும் ஒரு குணத்தை மட்டும் சேருங்கள். ‘அழகான, புத்திசாலியான, தைரியமான டாக்டர்’ என்பதில் மூன்று சொற்கள் வீண். ‘ரத்தத்தைக் கண்டு பயப்படத் தொடங்கிய அறுவை சிகிச்சை டாக்டர்’ என்பதில் எல்லாச் சொல்லும் வேலை செய்கிறது.

ஒரு மோசமான ஒன்லைன் எப்படி நல்லதா மாறுதுன்னு முழுசா ஒரு உதாரணம் காட்ட முடியுமா?

இதற்காகவே ஒரு கதையைக் கற்பனை செய்துகொள்வோம். நாயகி ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர். காது கேளாதவர்கள் சைகையில் சொல்வதைப் போலீசுக்கும் நீதிமன்றத்துக்கும் வாய்மொழியாகச் சொல்வது அவளுடைய வேலை. முதல் முயற்சி பெரும்பாலும் இப்படித்தான் வரும்: ‘ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர் தன் கடமைக்கும் பாசத்துக்கும் நடுவே போராடுகிறாள்.’ இதில் கருத்து இருக்கிறது, கதை இல்லை. அடுத்த முயற்சி: ‘கொலையைப் பார்த்த காது கேளாத சாட்சியின் வாக்குமூலத்தை மொழிபெயர்க்கும் பெண், கொலை செய்தது தன் தம்பி என்று தெரிந்து அதிர்ச்சியடைகிறாள்.’ இது எவ்வளவோ மேல். கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஆனால் வாக்கியம் கதை தொடங்கும் இடத்திலேயே நின்றுவிட்டது. அதிர்ச்சி அடைந்தாள், சரி, அப்புறம்? இதை நம்பி எழுத உட்கார்ந்தால் முதல் 20 பக்கம் வேகமாக ஓடும், பிறகு வண்டி நின்றுவிடும்.

மூன்றாவது முயற்சியில் அவளை ஒரு காரியம் செய்யவைக்கிறோம்: ‘…தன் தம்பியைக் காப்பாற்ற வாக்குமூலத்தை மாற்றிச் சொல்லிவிடுகிறாள்.’ இப்போது அவள் குற்றத்தில் பங்காளி. சாட்சிக்கு இருந்த ஒரே குரல் அவள்தான், அந்தக் குரலே அவருக்குத் துரோகம் செய்திருக்கிறது. ஆனால் மாற்றிச் சொன்னதோடு அவள் வேலை முடிந்துவிட்டதே, மிச்சமுள்ள படம் முழுக்க அவள் என்ன செய்வாள்? இந்தக் கேள்வியிலிருந்துதான் நான்காவது வருகிறது: ‘கொலையைப் பார்த்த காது கேளாத சாட்சியின் வாக்குமூலத்தைத் தன் தம்பிக்காக மாற்றிச் சொல்லிவிட்ட சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருத்தி, அதனால் சிறைக்குப் போன நிரபராதியை, தம்பி சிக்காமலும் அந்தச் சாட்சிக்குத் தெரியாமலும் மீட்கப் பார்க்கிறாள்.’

முதலாவதையும் நான்காவதையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். கடமையும் பாசமும் இரண்டிலும் இருக்கின்றன. முதலாவதில் அவை வெறும் சொற்கள். நான்காவதில் அந்தச் சொற்களே வரவில்லை, ஆனால் அவள் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் அவற்றில் ஒன்றை மிதித்துத்தான் ஆக வேண்டும்.

எழுதிட்டேன். வலுவா இருக்கா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? எல்லாரும் ‘நல்லாருக்கு’ன்னுதான் சொல்றாங்க.

‘நல்லாருக்கு’ என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது உங்கள்மீது உள்ள அன்பு. வாக்கியத்தை ஒருமுறை வாயால் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். அடுத்து அவர் என்ன கேட்கிறார் என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வரும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று விதம். ‘யாரு? அவனுக்கு என்ன வேணும்?’ என்று பின்னோக்கிக் கேட்டால் வாக்கியம் புரியவில்லை, சொற்களைத் திருத்துங்கள். ‘அப்புறம் என்ன ஆச்சு? அந்தச் சாட்சி கண்டுபிடிச்சுடுவாரா?’ என்று முன்னோக்கிக் கேட்டால் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. மூன்றாவது விதம், ‘ஏன் அப்படிச் செய்யல?’ என்ற ஓட்டைக் கேள்வி. இதைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். காசு கொடுத்தாலும் கிடைக்காத உதவி இது. கேள்வியே வராமல் அவர் பேச்சை மாற்றினால் அதுவும் பதில்தான், அந்த மூன்றையும்விட மோசமான பதில்.

மொழிபெயர்ப்பாளர் கதையையே எடுத்துக்கொள்வோம். ‘சாட்சி எழுதிக் காட்டலாமே?’ என்று யாராவது கேட்பார். அவர் எழுதப் படிக்கக் கற்காதவர் என்று வைத்துவிட்டால் அது அடைபடும். அடுத்து வருவது பெரிய ஓட்டை: ‘பிடிபட்டவனைச் சாட்சி முன்னால் நிறுத்தினால், இவன் இல்லை என்று தலையாட்டிவிடுவாரே? தலையாட்டலுக்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு?’ ஒரே தலையாட்டலில் மொத்தக் கதையும் சரிந்துவிடும். அதனால் சாட்சி கொலைகாரனின் முகத்தைப் பார்க்கவில்லை என்று மாற்ற வேண்டியிருக்கிறது. அவர் பார்த்தது இருட்டில் முதுகையும், ஒரு காலை இழுத்து நடந்த நடையையும் மட்டும். காலை இழுத்து நடப்பவன் தன் தம்பி என்று அவளுக்குத் தெரியும், ஆகவே அந்த நடையை மட்டும் சொல்லாமல் விழுங்கிவிடுகிறாள். இந்த மாற்றம் ஓட்டையை அடைத்ததோடு ஒரு காட்சியையும் கொடுத்துவிட்டது. கைதானவன் நீதிமன்றத்துக்குள் காலை இழுக்காமல் நேராக நடந்து வருவதைச் சாட்சி பார்க்கிறார். ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று சொல்ல அவர் யார் பக்கம் திரும்புவார்? அவள் பக்கம்தான்.

யார்கிட்ட சொல்லிப் பார்க்கிறது? என் ஐடியாவைத் திருடிட்டா என்ன செய்யறது?

கதையைப் பற்றி முன்பே கேள்விப்படாதவர்களிடம் சொல்லுங்கள். ஒருவரிடம் ஒரு கதையை ஒருமுறைதான் சோதிக்க முடியும். இரண்டாம் முறை சொல்லும்போது அவர் பழைய வடிவத்தில் கேட்டதையும் சேர்த்துப் புரிந்துகொள்வார். திரைக்கதை எழுதுபவர்களைவிடப் படம் மட்டும் பார்ப்பவர்களின் கேள்விகள் நேராக இருக்கும் என்பது என் எண்ணம். எழுதுபவர்கள் உடனே கதையைத் தங்கள் பக்கம் இழுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

திருட்டு பற்றிய பயம் நியாயமானதுதான். பதிப்புரிமை பொதுவாக எழுதப்பட்ட வடிவத்தைக் காக்குமே தவிர வெறும் யோசனையைக் காக்காது. அதனால் இந்தக் கட்டத்தில் நம்பிக்கையானவர்கள் சிலரிடம் மட்டும் சொல்லுங்கள். தயாரிப்பாளரிடமோ இயக்குநரிடமோ போவது திரைக்கதை கையில் வந்த பிறகு நடக்கட்டும்.

ஒரே வாக்கியம்தான், ஆனா நீண்டுக்கிட்டே போகுது. எத்தனை வார்த்தைக்குள்ள இருக்கணும்?

25 சொற்களைச் சுற்றி இருந்தால் நல்லது. 30ஐத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். ஆனால் எண்ணிக்கையைவிடப் பெரிய பொறி தமிழ் வாக்கிய அமைப்பிலேயே இருக்கிறது. ‘ஊரை விட்டு ஓடி வந்து, வேலை தேடி அலைந்து, ஒருத்தியைச் சந்தித்து, காதலித்து, அவள் அண்ணனால் மிரட்டப்பட்டு, கடைசியில்…’ என்று வினையெச்சங்களை எவ்வளவு வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போகலாம். இலக்கணப்படி அது ஒரே வாக்கியம்தான். கதைப்படி பார்த்தால் ஆறு வாக்கியங்களை ஒட்டிவைத்திருக்கிறோம்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஒவ்வொரு எச்சத்துக்கும் பிறகு ‘அதனால்’ என்று போட்டுப் படிப்பது. ‘ஓடி வந்தான், அதனால் வேலை தேடினான்’ பொருந்துகிறது. ‘வேலை தேடினான், அதனால் ஒருத்தியைச் சந்தித்தான்’ பொருந்தவில்லை, அங்கே ‘அப்புறம்’ என்றுதான் வருகிறது. ‘அப்புறம்’ வருகிற இடமெல்லாம் சம்பவங்கள் தற்செயலாக அடுக்கப்பட்ட இடம். அவற்றை வெட்டினால் நீளம் தானாகக் குறையும். வெட்ட வெட்ட ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் நான்கு விஷயங்களில் எது காணவில்லை என்று இரண்டாவது பதிலில் பாருங்கள். பெரும்பாலும் ‘என்ன செய்யப் பார்க்கிறார்’ என்பதுதான் இருக்காது.

முடிவைச் சொல்லணுமா? என் கதையில பெரிய ட்விஸ்ட் இருக்கு, சொன்னா போயிடுமே.

முடிவு வேண்டாம். ட்விஸ்டும் வேண்டாம். நான்காவது வடிவத்தில் அந்த நிரபராதி வெளியே வருவானா என்று சொல்லவில்லை, இருந்தும் எதுவும் குறையவில்லை.

ஆனால் ட்விஸ்டைச் சொல்லாவிட்டால் கதையில் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை என்றால், பார்வையாளர் அந்த இடம் வரும்வரை எதைப் பார்த்துக்கொண்டு இருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ட்விஸ்ட் 100ஆம் நிமிடத்தில் வருகிறது என்றால் அதுவரை உள்ள 99 நிமிடங்களுக்கும் ஒரு ஒன்லைன் தேவை. அதை எழுத முடிகிறதா என்பதுதான் இங்கே சோதனை.

ஒன்லைன் சூப்பர்னு சொன்னாங்க. எழுத ஆரம்பிச்சா பாதியில நின்னுடுச்சு. அப்ப இந்தச் சோதனையால என்ன பிரயோஜனம்?

இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. ஒரு கதையின் தொடக்கம் பலமாக இருக்கிறதா என்பதை அது நன்றாகக் காட்டும். நீளம் தாங்குமா என்பதை அவ்வளவு நன்றாகக் காட்டாது. ‘ஒருவன் காலையில் எழுந்தபோது உலகத்தில் யாருக்கும் அவனை ஞாபகம் இல்லை’ என்றால் எல்லாரும் ‘அட’ என்பார்கள். ஆனால் அவன் என்ன செய்வான் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. இப்படிப்பட்ட வாக்கியங்கள் கேட்பவரை மயக்கிவிடும், எழுதியவரையும் மயக்கிவிடும்.

அதனால் ஒன்லைன் தேறிய கையோடு இன்னொன்றும் செய்யுங்கள். இடைவேளைக்குப் பிறகு வரக்கூடிய காட்சிகள் பத்தை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி வீதம், ஒரே அமர்வில் எழுதிப் பாருங்கள். இடைவேளைக்கு முந்தைய காட்சிகளை எழுத வேண்டாம், அவை எப்போதும் வந்துவிடும். மொழிபெயர்ப்பாளர் கதையில் முயன்றால், சாட்சி சந்தேகப்பட்டு வேறொரு மொழிபெயர்ப்பாளரைத் தேடுவது, அவள் அவரைத் தடுக்க நட்பாகப் பழகுவது, நிரபராதியின் மனைவி அவளிடமே உதவி கேட்டு வருவது, தம்பி தப்பியோடத் தயாராவது, சாட்சி மற்றவர்கள் முன்னால் தானே அந்த நடையை நடந்துகாட்ட முயல்வது என்று ஒன்றிலிருந்து ஒன்று கிளம்புகிறது. நான்காவது காட்சியோடு கை நின்றுவிட்டால், நாயகனின் முயற்சியை எதிர்க்க ஒரு ஆள் கதையில் இல்லை என்று அர்த்தம். விதி, சமுதாயம், மனசாட்சி இவையெல்லாம் பதிலுக்கு ஒரு அடி எடுத்துவைக்காது. ஒரு மனிதர் எடுத்துவைப்பார்.

என் கதையில நாலு பேருக்கும் சமமான முக்கியத்துவம். ஒருத்தரை மட்டும் எப்படி வாக்கியத்துல போடுறது?

நான்கு பேரையும் கட்டிவைக்கிற விஷயம் எது என்று பாருங்கள். ஒரே பணப்பை, ஒரே இரவு, ஒரே பொய் என்று ஏதாவது இருக்கும். அதையே மையமாக வைத்து ‘ஒரே விபத்தை மறைக்கும் நான்கு நண்பர்கள்’ என்று அவர்களைக் கூட்டாக நாயகனாக்கலாம். முயற்சியும் தடையும் நான்கு பேருக்கும் பொதுவாக இருந்தால் இது நன்றாக வேலை செய்யும்.

அப்படி எதுவும் கட்டவில்லை என்றால் உங்களிடம் இருப்பது நான்கு கதைகள். நான்குக்கும் தனித்தனி ஒன்லைன் எழுதி, எது பலவீனமானது என்று பாருங்கள். நான்கு இழைகளாகச் சொல்லும் படத்தில் பார்வையாளர் சலிக்கும் இடம் எப்போதும் அந்த இழைதான்.

என்னோடது அமைதியான கதை. பெரிய சம்பவமே இல்லை. ஒன்லைன் எழுதினா சப்புன்னு இருக்கு. அப்ப என் கதை மோசமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. பார்வை, சூழல், நடிப்பு, காட்சிகளின் தாளம் இவற்றால் நிற்கும் படங்கள் உண்டு. அவற்றின் பலம் ஒரு வாக்கியத்தில் அடங்காது. நகைச்சுவையும் இப்படித்தான், சிரிப்பு பெரும்பாலும் காட்சியை நடத்தும் விதத்தில் இருக்கும்.

ஆனாலும் இதை ஒரு சாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமைதியான கதையிலும் ஒருவருக்கு ஏதோ ஒன்று வேண்டும், ஏதோ ஒன்று குறுக்கே நிற்கும், அளவுதான் சிறியது. ‘முதுமையின் தனிமையைப் பேசும் படம்’ என்று சொல்லி நிறுத்தினால் சப்பென்றுதான் இருக்கும். ‘மறதி முற்றிக்கொண்டிருக்கும் முதியவர், மனைவி இறந்துவிட்டதை மறந்து தினமும் அவளைத் தேடுகிறார், ஒவ்வொரு நாளும் அந்தச் செய்தியைச் சொல்ல வேண்டிய மகள் ஒருநாள் சொல்லாமல் விட்டுவிடுகிறாள்’ என்று எழுதிப் பாருங்கள். துப்பாக்கி எதுவும் வரவில்லை. ஆனால் அந்த மகள் இனிமேல் தினமும் ஒரு பொய்யைக் கட்டிக்காக்க வேண்டும், கேட்பவரும் ‘அப்புறம்?’ என்று கேட்பார்.

எழுதி முடிச்சுப் பார்த்தா ஏற்கனவே வந்த படத்தோட ஒன்லைன் மாதிரியே இருக்கு. விட்டுடணுமா?

ஒரு வாக்கியமாகச் சுருக்கினால் பல கதைகள் பக்கத்துப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். பழிவாங்கல், தப்பியோடல், தடைபட்ட காதல் என்று வடிவங்கள் குறைவு. நீங்கள் பார்க்க வேண்டியது ஆள், சிக்கல், முயற்சி, தடை என்ற நான்கில் எத்தனை ஒன்றுபோல இருக்கின்றன என்பது. தடை மட்டும் ஒன்று என்றால் கவலை வேண்டாம். ஆளும் சிக்கலும் முயற்சியும் அப்படியே என்றால் ஆளை மாற்றிப் பாருங்கள். ஆள் மாறினால் முயற்சியும் மாறும், அப்புறம் அது வேறு கதை.

ஒன்லைனை வச்சு எழுத ஆரம்பிச்சேன், நடுவுல கதை வேற பக்கம் போயிடுச்சு. எதை மாத்தணும், ஸ்கிரிப்டையா, ஒன்லைனையா?

எழுதும் கையை நிறுத்திவிட்டு, இப்போது போகிற கதைக்குப் புதிதாக ஒரு ஒன்லைன் எழுதுங்கள். பிறகு பழையதையும் புதியதையும், இதுவரை கேட்காத இருவரிடம் ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிப் பாருங்கள். யார் முன்னோக்கிக் கேட்கிறாரோ அவர் கேட்ட கதையை எழுதுங்கள். புதியது வென்றால் முதல் பக்கங்களை அதற்கேற்பத் திருத்த வேண்டும். பழையது வென்றால் கதை எந்தக் காட்சியில் விலகியது என்று தேடி, அதற்குப் பிறகு எழுதியதை எடுத்துத் தனிக் கோப்பில் வையுங்கள்.

இரண்டும் ஒரே மாதிரி வரவேற்பைப் பெற்றால் நான் பழையதைத்தான் எடுப்பேன். நடுவில் வரும் புது யோசனை பெரும்பாலும் ஒரு கடினமான காட்சியை எழுதுவதைத் தள்ளிப்போடும்போதுதான் கவர்ச்சியாகத் தெரிகிறது. அந்தக் காட்சியை எழுதி முடித்த பிறகும் அது இழுத்தால், அப்போது மாறிக்கொள்ளலாம்.